எடை அதே, வயிறு மட்டும் பெரிதாவது ஏன்?

"எடை ஒரு கிலோகூட ஏறலடி. ஆனா பாவாடை நாடா பழைய முடிச்சுக்கு வர மாட்டேங்குது." ஆலுவாவில் எங்கள் தெருவில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் கூடினால் யாராவது ஒருவர் வாயிலிருந்து இது வந்துவிடும். தமிழில் சொல்பவர்களும் உண்டு, மலையாளத்தில் சொல்பவர்களும் உண்டு. கேட்பவர்கள் தரும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "வாயுவா இருக்கும்", "தராசு கெட்டுப் போயிருக்கும்", "ராத்திரி சோறு சாப்பிடாதே."

தராசு கெடவில்லை. பல நேரங்களில் வாயுவும் இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்ணுடலில் கொழுப்பு தங்கும் இடம் மாறுகிறது. கொஞ்சம் தசை குறைகிறது, கொஞ்சம் கொழுப்பு கூடுகிறது. தராசு இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவதால் அந்த மாற்றம் அதில் தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டிய பெண் தன் உடலைத் தராசை மட்டும் வைத்துக் கணிக்கக் கூடாது, அளவு நாடாவும் வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. இதற்கு நல்ல சாட்சி எனக்கு ஒரு தையல் கடை நோட்டில் கிடைத்தது.

தையல் நோட்டில் ஆறு வருடம்

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அப்பா, ஏலூர் ஃபேக்ட் ஆலையில் வேலை கிடைத்து அந்தக் காலத்தில் குடும்பத்தோடு வந்தவர். அக்கா இங்கேயே வளர்ந்து, இங்கேயே வேலைக்குப் போகிறவர். அவர் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை நடக்கும். அந்தத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். 44 வயதில் 58 கிலோ. 50 வயதிலும் 58 கிலோ. நடுவில் ஒரு வருடம் 59, இன்னொரு வருடம் 57. மாதவிடாய் 48 வயதில் நின்றது.

அவர் சுடிதார் தைக்கக் கொடுக்கும் சேச்சி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருப்பார். பழைய அளவை அடிக்காமல் புதிய அளவைக் கீழே எழுதுவது அவர் பழக்கம். அக்காவின் பக்கத்தில் 44 வயதுக் கணக்கில் வெயிஸ்ட் 31 அங்குலம், ஹிப் 38. 50 வயதுக் கணக்கில் வெயிஸ்ட் 33½, ஹிப் 37½. அலுவலகக் கோப்பு எதுவும் மாறவில்லை என்கிறது. தையல் நோட்டோ வயிறு இரண்டரை அங்குலம் பெருத்ததையும் பின்புறம் அரை அங்குலம் மெலிந்ததையும் காட்டுகிறது. இரண்டுமே உண்மை. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

எடை கூடாமல் வயிறு இரண்டரை அங்குலம் பெருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 31 அங்குலம் என்பது ஏறக்குறைய 79 சென்டிமீட்டர், 33½ அங்குலம் 85 சென்டிமீட்டர். வயிற்றை ஓர் உருளை என்று வைத்துக்கொண்டால் 79 செ.மீ. சுற்றளவுக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 497 சதுர சென்டிமீட்டர். 85 செ.மீ.க்கு 575. வித்தியாசம் 78. விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை ஒரு 25 செ.மீ. உயரம் என்று எடுத்தால் கூடிய கன அளவு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் சுமார் 900 கிராம்தான். ஆக, அந்த இரண்டரை அங்குலத்துக்குத் தேவைப்பட்ட கொழுப்பு ஒன்றே முக்கால் கிலோ.

அந்த ஒன்றே முக்கால் கிலோ எங்கிருந்து வந்திருக்கும்? ஆறு வருடத்தில் தொடை, பின்புறம், கை, முதுகு என்று பரவலாக ஒரு கிலோ தசை கரைந்து, அதே காலத்தில் ஒரு கிலோ கொழுப்பு புதிதாகச் சேர்ந்து வயிற்றுக்குப் போயிருந்தால் தராசில் முள் அசையாது. மிச்சம் முக்கால் கிலோ, முன்பு தொடையிலும் பின்புறத்திலும் இருந்த கொழுப்பு மெல்லக் குறைந்து வயிற்றில் கூடியதாக இருக்கலாம். ஹிப் அளவு அரை அங்குலம் குறைந்தது அதற்குப் பொருந்துகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த கணக்கல்ல இது. ஆனால் தராசும் நாடாவும் ஒன்றையொன்று மறுக்காமலே வெவ்வேறு சேதி சொல்ல முடியும் என்பது இதில் தெளிவாகிறது.

"தசை கனமானது, கொழுப்பு லேசானது, அதனால்தான் உடம்பு பெருத்தது" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். ஒரு கிலோ தசைக்கும் ஒரு கிலோ கொழுப்புக்கும் கன அளவில் உள்ள வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வராது. உடம்பு முழுக்கப் பரவினால் அது கண்ணுக்கே தெரியாது. இங்கே பெரிய காரணம் இடமாற்றம். உடம்பெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தசை போகிறது, ஆனால் கொழுப்பு ஒரே இடத்தில் வந்து சேர்கிறது.

இடம் மாறுவது ஏன்?

உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். 1947-இல் அவர் எழுதிய கட்டுரையில் மேலுடம்பிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பை ஆண் வகை என்றும், இடுப்பிலும் தொடையிலும் சேருவதைப் பெண் வகை என்றும் பிரித்தார். நீரிழிவும் இதய நோயும் முதல் வகையோடு நெருக்கமாக இருப்பதைக் கவனித்தார்.

பருவமடைந்தது முதல் ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு தொடையிலும் பின்புறத்திலும் சேருவதற்கு முக்கியக் காரணம் சூலகம் சுரக்கும் எஸ்ட்ராடயோல் என்ற ஹார்மோன். அது இருக்கும் வரை, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அணுக்கள், அதிலும் கீழுடம்பில் உள்ளவை, சாப்பாட்டிலிருந்து வரும் கொழுப்பை வாங்கி வைத்துக்கொள்ளும், எளிதில் வெளியே விடாது. கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்கும் உதவும் சேமிப்பு அது. ரத்தக் குழாய்களுக்கும் கல்லீரலுக்கும் அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை.

சூலகம் ஓய்வெடுக்கத் தொடங்கும்போது எஸ்ட்ராடயோல் சரிகிறது. பெண்ணுடலில் எப்போதுமே சிறிதளவு இருக்கும் ஆண் ஹார்மோன் அதே வேகத்தில் சரிவதில்லை. அதைக் கட்டிவைக்கும் ஒரு புரதமும் குறைவதால், ஒப்பிட்டால் அதன் கை ஓங்குகிறது. தொடைக்குப் போக வேண்டிய கொழுப்பு இப்போது வயிற்றுக்குப் போகிறது. தோலுக்கு அடியில் மட்டுமல்ல, வயிற்றுச் சுவருக்கு உள்ளே குடலைச் சுற்றியும். ராத்திரியில் உடம்பு தீயாகக் காய்ந்து, வியர்த்து, தூக்கம் கலைவதும் இந்த வயதில்தான். தூக்கம் கெட்டால் பசியும் கூடுகிறது, மறுநாள் உடம்பை அசைக்கத் தெம்பும் குறைகிறது.

அப்படியானால் குற்றம் வயதா, மெனோபாஸா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே பெண்ணை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு அப்படிப்பட்டது. பல நகரங்களில் நடுவயதுப் பெண்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா கருவியால் உடலின் கொழுப்பையும் தசையையும் தனித்தனியாக அளந்த பெண்களின் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே கொழுப்பு கூடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே நேரம் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் வரை இப்படிப் போய், பிறகு சமன்படுகிறது. ஆனால் எடைக் கோட்டை மட்டும் தனியாக வரைந்து பார்த்தால் அந்த நான்கு வருடத்தில் எந்தத் திருப்பமும் இல்லை. அது முன்பு போன சாய்விலேயே போகிறது. உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை.

கொழுப்பு எங்கே சேர்ந்தது என்பதை இன்னொரு ஆய்வு காட்டியது. லூசியானா மாநிலத்தின் பெனிங்டன் ஆய்வு நிலையத்தில் 156 பெண்களுக்கு நான்கு ஆண்டுகள், ஆண்டுதோறும் வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வயது ஏற ஏற எல்லோருக்கும் கூடியது. வயிற்றுக்கு உள்ளே இருக்கும் கொழுப்போ மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மட்டும்தான் குறிப்பிடும்படி கூடியது. ஆக, கேள்விக்குப் பதில்: குற்றம் இரண்டிலும் உண்டு. வயது கொழுப்பைக் கூட்டுகிறது. மெனோபாஸ் அதை உள்ளே தள்ளுகிறது.

கேரளத்தில் இதை ஏன் உரக்கச் சொல்ல வேண்டும்

இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஐந்தாவது சுற்றில்தான் (2019–21) முதன்முறையாக வயிற்றுச் சுற்றளவை நாடாவால் அளந்தது. பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் வயிற்றுப் பருமன் என்று வைத்துக்கொண்டால் நாடு முழுவதிலும் 40 சதவீதப் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். மாநிலங்களில் முதலிடம் கேரளத்துக்கு, 65.4 சதவீதம். தமிழ்நாட்டில் 57.9. ஜார்க்கண்டில் 23.9. இந்தக் கணக்கைப் பிரித்து எழுதிய கட்டுரை 2023-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது.

அந்தக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். நான் மேலே சொன்ன மாற்றம் பலருக்கு முழுதாக முடிவதற்குள் கணக்கெடுப்பு கதவை மூடிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய கேரளப் பெண்கள் அந்த 65.4-இல் இல்லவே இல்லை.

மேலை நாட்டுப் பெண்களுக்கு 88 செ.மீ. வரை விடும்போது நமக்கு ஏன் 80? நம் உடலமைப்பு அப்படி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக், தன்னையும் தன் நண்பரான லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் அளந்து 2004-இல் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்ஞிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கலாம் என்பதற்கு இந்த ஒப்பீடு உலகம் முழுவதும் காட்டப்படுகிறது. அவர்கள் இருவரும் ஆண்கள். அப்படிப்பட்ட உடலமைப்புக்கு மேல் மெனோபாஸும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் உடையும் இதை மறைக்கிறது. இங்கே வீட்டில் பெரும்பாலான பெண்களுக்கு நாள் முழுக்க நைட்டிதான். வேலைக்குப் போவோர் தொளதொள சுடிதார் போடுகிறார்கள், பேண்டில் நாடா அல்லது எலாஸ்டிக். இறுக்கினால் தெரியும், தளர்த்தினால் தெரியாது. புடவை கட்டும் நாளில்தான் பாவாடை நாடா உண்மையைச் சொல்கிறது. புடவையே விசேஷ நாள் உடையாகிவிட்ட வீட்டில் அந்த நாள் வர மாதங்கள் ஆகலாம்.

வெளிக் கொழுப்பும் உள் கொழுப்பும்

வயிற்றை விரலால் கிள்ளினால் மடிப்பாக வருவது தோலுக்கடிக் கொழுப்பு. மடிப்பு அதிகம் வராமல் வயிறு முன்னால் தள்ளி விறைப்பாக இருந்தால் உள் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். கிள்ளிப் பார்ப்பதும் நாடாவும் இரண்டையும் துல்லியமாகப் பிரிக்காது. அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். இதற்காக மட்டும் யாரும் அதை எடுக்கத் தேவையில்லை.

உள் கொழுப்பு ஏன் ஆபத்து? குடலைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் கல்லீரலுக்கே போய்ச் சேருகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்க மறுக்கிறது, சர்க்கரை மெல்ல ஏறுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கப் போய், "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று தாளில் எழுதி வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். நாடா ஏறிய பெண்ணின் தாளில் அந்த வரி வந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லும் கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் தெளிவாக ஏறுவதை அதே ஸ்வான் ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே மாதவிடாய் நின்ற ஆண்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி, கொலஸ்ட்ரால் வகைகள், ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அக்காவுக்கு எடை மாறாததால் ஐந்தாறு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 50 வயதில் பார்த்தபோது ஹெச்.பி.ஏ.1சி 6.0. நீரிழிவு இல்லை, அதற்கு முந்தைய படி.

நாடாவைச் சரியாகப் பிடிப்பது

தையல் கடை அளவு உடைக்கு. உடல்நலக் கணக்குக்கு அதையே வைத்துக்கொண்டால் ஒரு அங்குலம் அப்படி இப்படிப் போகும். முறை எளிது. காலையில், கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன் அளக்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் தடவி விலா எலும்பின் கடைசி விளிம்பைக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே பொட்டாக ஒரு குறி வையுங்கள். நாடா அந்தக் குறியின் மேல், தோலோடு ஒட்டி, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். மூச்சை இயல்பாக விட்டு முடித்த நொடியில் எண்ணைப் படியுங்கள். இரண்டு முறை எடுத்துச் சராசரியை எழுதுங்கள்.

தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். ஒன்று, பாவாடை கட்டும் இடத்தில் அளப்பது; வயிறு தொங்கியவர்களுக்கு அது மிகக் கீழே போய்விடும். இரண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. மூன்று, நாடா முதுகில் சரிந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்றால் இது பிடிபடும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஒரு வாரத்து ஏற்றத்துக்குப் பதற வேண்டாம், மாதம் ஒருமுறை போதும். சில மாதங்களில் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் அது உண்மையான நகர்வு.

எண்ணை இரண்டு கோடுகளோடு ஒப்பிடலாம். ஒன்று 80 செ.மீ. இன்னொன்று உங்கள் உயரத்தில் பாதி. அக்காவின் உயரம் 154 செ.மீ., பாதி 77. இந்த முறையில் அளந்தபோது அவருக்கு 86 வந்தது. பி.எம்.ஐ. கணக்கில் அவருக்கு 24.5. உலகக் கணக்கில் சரியான எடை. 23-க்கு மேல் என்றாலே அதிக எடை என்று வைக்கும் இந்தியக் கணக்கில்கூடக் கொஞ்சம்தான் அதிகம். நாடாவோ இரண்டு கோடுகளையும் நன்றாகவே தாண்டிவிட்டது.

எல்லா வயிறும் மெனோபாஸ் வயிறு அல்ல

இதைப் படித்துவிட்டு, வயிறு பெருத்த எல்லோரும் "வயசுக் கோளாறு" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மெனோபாஸ் வயிறு வருடங்களில் வளரும். சில வாரங்களில் வயிறு பெருத்தால் அது வேறு கதை. வயிற்று உப்புசம் தினமும் இருப்பது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது, அடிவயிற்றில் வலி ஆகியவை சேர்ந்து வந்தால் சூலகத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சூலகப் புற்றுநோயை ஆரம்பத்தில் வாயு என்று ஒதுக்கிவிடுவது நடக்கிறது. கால் வீக்கத்தோடு வயிறு பெருத்தால் நீர் கோத்திருக்கலாம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாதம் மாதவிடாய் இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் வருடங்களாகப் பரவாமல் ஒரேயடியாகத் தொடங்கும். அறுவைக்கு முன்பே நாடா எண்ணை எழுதி வைத்துக்கொள்வது அவர்களுக்கு உதவும்.

நாடா எண்ணைக் குறைப்பது எது?

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க முடியாது. மல்லாந்து படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும். அதற்கு மேல் உள்ள கொழுப்பைத் தேர்ந்தெடுத்து எடுக்காது. உள் கொழுப்பைக் குறைப்பது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைப்பது. வேக நடையே போதும், வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். எங்களூரில் பெரியாற்று மணப்புறம் இருக்கிறது, மழைக்காலத்தில் ஆறு ஏறாத நாளில் காலை நடைக்கு அதைவிட நல்ல இடமில்லை.

நடை மட்டும் போதாது, ஏனென்றால் கணக்கில் தசைப் பக்கமும் இருக்கிறது. தசைக்கு எதிர்ப்பு வேண்டும். அக்கா ஜிம்முக்குப் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள், கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படிக்கட்டு விளிம்பில் குதிகாலை உயர்த்துவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் கையில் தூக்குவது. எளிதாகிப் போனதும் கையில் பாட்டிலோடு உட்கார்ந்து எழுந்தார். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாமல் இருந்தால் தசைக்குச் சேதி போகவில்லை என்று அர்த்தம். முட்டி வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம்.

சாப்பாட்டில் பெண்கள் முதலில் செய்வது ராத்திரிச் சாப்பாட்டை அறவே விடுவது. எடை இரண்டு கிலோ இறங்கும், ஆனால் போனதில் தசையும் இருக்கும், அதற்குத்தான் நாம் பயப்பட வேண்டும். அக்காவின் ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். காலை மூன்று இட்லி, மதியம் சோறு சாம்பார் ஒரு துண்டு மீன், சாயங்காலம் பால் விட்ட சாயாவும் பழம்பொரியும், ராத்திரி கஞ்சி பயறு. புரதம் தோராயமாக 40 கிராம். எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலே 58 வேண்டும். பழம்பொரியின் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும், காலையில் இரண்டு முட்டையும் வந்தன. மதியம் சோறு ஒரு கரண்டி குறைந்து மீன் ஒரு துண்டு கூடியது. வேறெதுவும் மாறவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கும் காலத்தில் உள் கொழுப்பு சற்றுக் குறைவாக இருப்பதை ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. நிறுத்தியவர்களிடம் அந்தப் பலன் தங்கவில்லை. தாங்க முடியாத உடல் சூடும் வியர்வையும் உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்துத் தரும் சிகிச்சை அது. வயிற்றைக் குறைக்க மட்டும் அதை எழுதித் தருவதில்லை.

இத்தனையும் செய்யும்போது ஒரு சோதனை வரும். மூன்று மாதம் நடந்து, உட்கார்ந்து எழுந்து, தராசில் ஏறினால் எண் அப்படியே இருக்கும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். ஆனால் வயது மாற்றத்தை மறைத்த அதே தராசு, இப்போது முன்னேற்றத்தையும் மறைக்கிறது. உடற்பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஒரு கட்டுரை, எடை துளியும் குறையாதவர்களுக்குக்கூட உடற்பயிற்சியால் உள் கொழுப்பு சராசரியாக 6 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. உணவை மட்டும் மாற்றி எடை குறையாதவர்களுக்கு அது ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றது. அக்காவுக்கு எட்டு மாதத்தில் எடை 57½. நாடா 86-லிருந்து 82. ஹெச்.பி.ஏ.1சி 5.7. தராசை மட்டும் பார்த்திருந்தால் "அரை கிலோவுக்கு இவ்வளவு பாடா" என்று நிறுத்தியிருப்பார். 80-க்கு இன்னும் போகவில்லை, 77 இன்னும் தூரம். ஆனால் திசை மாறிவிட்டது.

அலுவலகமோ ஆரம்ப சுகாதார மையமோ, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது உயரம், எடை, ரத்த அழுத்தம் எழுதும் தாளில் வயிற்றுச் சுற்றளவையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டம் தாளில் இல்லையென்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நாற்பது வயதில் தொடங்கினால், மாற்றம் தொடங்குமுன் உங்கள் எண் என்ன என்பது கையில் இருக்கும். ஐம்பதில் எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.